பள்ளி வளாகத்தின் 360 பாகைக் காணொளி: கேமரா உயரம், தையல், பார்ப்பவரின் வசதி

மொரிசியசின் ஆரம்பப் பள்ளிகள் சில, புதிதாகச் சேரவிருக்கும் குழந்தைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் வளாகத்தை முன்கூட்டியே காட்டுவதற்கு 360 பாகைக் காணொளி ஒன்று எடுத்தால் என்ன என்று கேட்கத் தொடங்கியுள்ளன. இன்று கையடக்கமான இரட்டை லென்ஸ் கேமரா ஒன்றும் ஒரு ட்ரைபாடும் இருந்தால் படப்பிடிப்பை ஒரே நாளில் முடித்துவிடலாம். ஆனால் மெய்நிகர்க் காட்சிக்கான ஹெட்செட்டை அணிந்து பார்க்கும்போது தலைசுற்றுகிறது, ஆசிரியரின் கை பாதியில் மறைந்துபோகிறது, தரையிலிருந்து மிதப்பதுபோல் இருக்கிறது என்ற குறைகள் வந்தால், அவற்றில் பெரும்பாலானவற்றைப் படத்தொகுப்பு மேசையில் சரிசெய்ய முடியாது. கேமராவை எங்கே, எந்த உயரத்தில், எந்தத் திசையை நோக்கி வைத்தோம் என்பதிலேயே அவை முடிவாகிவிடுகின்றன. ஆகவே இந்த வழிகாட்டி படப்பிடிப்புக்கு முந்தைய திட்டமிடலைப் பற்றியே அதிகம் பேசுகிறது.

விளக்கத்திற்காக ஒரு பள்ளியைக் கற்பனை செய்துகொள்வோம். குயூர்பிப் பக்கத்து மேட்டு நிலத்தில், கருங்கல் மதிலுக்குள், ட வடிவில் இரண்டு தளக் கட்டடம். மாடியில் நீண்ட தாழ்வாரம். முற்றத்தில் ஒரு பெரிய மயில்கொன்றை மரம். கீழ்த்தளத்தில் தமிழ் வகுப்பு நடக்கும் ஓர் அறை. பின்னால் விளையாட்டுத் திடல். கிரேடு 1 முதல் 6 வரை, அதாவது ஏறக்குறைய 5 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகள் அங்கே படிக்கிறார்கள். நுழைவாயில், முற்றம், மாடித் தாழ்வாரம், தமிழ் வகுப்பறை, திடல் ஆகிய ஐந்து நிலைகளில் கேமராவை நிறுத்தி, நான்கைந்து நிமிடத்திற்குள் முடியும் ஒரு சுற்றுலாவை எடுப்பதே நம் நோக்கம்.

முதலில் அனுமதி

சாதாரணக் கேமராவில் சட்டகத்திற்கு வெளியே நிற்பவர் படத்தில் விழமாட்டார். இங்கே சட்டகம் என்பதே இல்லாததால், மதிலுக்கு அப்பால் நிற்கும் அண்டை வீட்டார் உட்பட எல்லோரும் விழுவார்கள். மொரிசியசின் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 16 வயதுக்குக் குறைந்த குழந்தையின் தனிப்பட்ட தரவைக் கையாளப் பெற்றோரின் அல்லது பாதுகாவலரின் ஒப்புதலைக் கேட்கிறது. எனவே படத்தில் தோன்றும் குழந்தைகளின் வீடுகளிலிருந்து எழுத்துமூல ஒப்புதலை முன்கூட்டியே பெற்று, ஒப்புதல் வராத குழந்தைகள் அந்த நேரத்தில் வேறோர் அறையில் இருக்குமாறு தலைமை ஆசிரியரோடு பேசி ஏற்பாடு செய்யவேண்டும். முகத்தைப் பிறகு மங்கலாக்கிக்கொள்ளலாம் என்று எண்ணுவது நல்லதல்ல. முழுச்சுற்றுப் படத்தில் ஓடியாடும் குழந்தை ஒன்றைப் பின்தொடர்ந்து மறைப்பது மிகுந்த வேலை. ஒரு நொடி தவறினாலும் மறைத்ததன் பயன் போய்விடும்.

கேமராவின் உயரம்

ஹெட்செட் அணிந்தவர் தம் கண் இருக்கும் இடத்தைக் கேமரா இருந்த இடமாகவே உணர்கிறார். ஆகவே உயரம் என்று இங்கே சொல்வது, ட்ரைபாடின் உச்சியை அல்ல, தரையிலிருந்து லென்ஸின் நடுப்புள்ளி வரையுள்ள தூரத்தை. அளக்கும் நாடாவை அங்கேதான் பிடிக்கவேண்டும்.

நிற்கும் பெரியவரின் கண் உயரமான ஒன்றரை மீட்டரிலோ அதற்கு மேலோ லென்ஸை வைத்தால், கிரேடு 1 குழந்தைகளின் உச்சந்தலைகள்தான் தெரியும். பார்ப்பவருக்கு அவர்கள் மீது கவிழ்ந்து நிற்பதுபோன்ற உணர்வு வரும். மேலும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறார் என்றால், உடல் உட்கார்ந்திருக்கக் கண்மட்டும் எழுந்து நிற்பதுபோல இருக்கும். மறுபுறம், ஒரு மீட்டருக்குக் கீழே இறக்கினால் ஆசிரியர்கள் ராட்சதர்களாகத் தோன்றுவதோடு, தரையும் மிக நெருக்கமாகத் தெரியும். ஆரம்பப் பள்ளிக்கு 1.3 மீட்டர் நல்ல உயரம் என்பது என் கருத்து. அது கிரேடு 5, 6 மாணவர்களின் கண்மட்டத்தை ஒட்டியது. உட்கார்ந்து பார்க்கும் பெரியவரின் கண் உயரத்திலிருந்தும் அதிகம் விலகாதது. படத்தில் பேசுபவரின் கண்ணுக்குச் சற்றுக் கீழே லென்ஸ் இருப்பது, சற்று மேலே இருப்பதைவிட எப்போதும் இயல்பாகத் தோன்றும்.

ஒரு முறை தேர்ந்த உயரத்தை எல்லா நிலைகளிலும் காப்பாற்றுவது முக்கியம். ஒரு காட்சியில் 1.3, அடுத்ததில் 1.6, பிறகு 1.1 என்று மாறினால், ஒவ்வொரு வெட்டிலும் பார்ப்பவர் எழும்புவதுபோலவும் அமிழ்வதுபோலவும் உணர்வார். ட்ரைபாடின் நடுத்தண்டில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டால் இந்தத் தொல்லை வராது. தமிழ் வகுப்பறையில் மட்டும் விலக்கு அளிக்கலாம். அங்கே குழந்தைகள் பெஞ்சில் அமர்ந்திருப்பதால் அவர்களின் கண் ஒரு மீட்டர் உயரத்தில்தான் இருக்கும், லென்ஸை 1.15 மீட்டருக்கு இறக்கினால் அவர்களோடு அமர்ந்திருப்பதுபோல் இருக்கும். 15 சென்டிமீட்டர் வேறுபாடு, இடையில் அரை நொடி இருட்டுக்குப் போய்த் திரும்பும் மாற்றத்தோடு வந்தால், உறுத்துவதில்லை.

உயரம் காட்சியையே மாற்றிவிடும் இடம் மாடித் தாழ்வாரம். கைப்பிடிச் சுவர் 1 மீட்டர் உயரம், தாழ்வாரத்தின் அகலம் 2 மீட்டர், மாடித் தரை முற்றத்திலிருந்து 3.2 மீட்டர் மேலே என்று கொள்வோம். லென்ஸை 1.3 மீட்டரில், தாழ்வாரத்தின் நடுவில், சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி வைத்தால், பார்வை சுவரின் விளிம்பைத் தாண்டும்போது ஒரு மீட்டருக்கு 30 சென்டிமீட்டர் வீதம் கீழே இறங்குகிறது. லென்ஸ் முற்றத்துத் தரையிலிருந்து 4.5 மீட்டர் உயரத்தில் இருப்பதால், 4.5ஐ 0.3ஆல் வகுத்தால் 15 வருகிறது. அதாவது கேமராவிலிருந்து 15 மீட்டர் தூரம் வரை முற்றத்துத் தரை முழுவதும் சுவருக்குப் பின்னால் மறைந்துவிடும். மயில்கொன்றையின் அடியில் நிற்கும் குழந்தைகள் தெரியவே மாட்டார்கள். லென்ஸை 1.15 மீட்டருக்கு இறக்கினால் மறைவு ஏறக்குறைய 29 மீட்டராகிவிடும். உயரத்தை 1.3 மீட்டரிலேயே வைத்துக் கேமராவைச் சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் தூரத்திற்கு நெருக்கினால் மறைவு 9 மீட்டராகக் குறையும். ஆனால் இவ்வளவு அருகில் ஒரு சுவர் இருந்தால், இரு லென்ஸ்களின் படங்களையும் ஒட்டும் தையல் கெட்டுவிடாதா என்ற கேள்வி எழும். அதற்கான விடை, கேமராவை எந்தத் திசைக்குத் திருப்புகிறோம் என்பதில் இருக்கிறது.

தையல் எங்கே விழுகிறது

இரட்டை லென்ஸ் கேமராவில் முதுகோடு முதுகாக இரண்டு அகலக்கோண லென்ஸ்கள் உள்ளன. ஒவ்வொன்றும் பாதி உலகத்தைவிடச் சற்று அதிகமாக, பெரும்பாலும் 190 முதல் 200 பாகை வரை பார்க்கிறது. இரண்டும் சேர்ந்து பார்க்கும் குறுகிய பட்டையில்தான் மென்பொருள் படங்களை ஒட்டுகிறது. ஸ்டிட்சிங் எனப்படும் தையல் இதுவே. தையல் கோடு கேமராவின் இரு பக்கவாட்டிலும் செங்குத்தாக ஓடி, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் போய்ச் சந்திக்கிறது. ஒரு லென்ஸின் முகம் நேராகப் பார்க்கும் திசையில் தையல் இல்லை.

இரு லென்ஸ்களும் ஒரே புள்ளியில் இல்லாததே சிக்கலின் வேர். அவற்றின் இடைவெளி 3 சென்டிமீட்டர் என்றும், மென்பொருள் தொலைவிலுள்ள பொருள்களுக்கு ஏற்றபடி ஒட்டுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். தையல் பட்டையில் ஒரு மீட்டர் தூரத்தில் நிற்கும் ஒருவரை இரண்டு லென்ஸ்களும் ஏறக்குறைய 1.7 பாகை வேறுபட்ட திசைகளில் பார்க்கும். 5.7K எனப்படும் 5760×2880 படத்தில் ஒரு பாகைக்கு 16 பிக்சல் என்பதால், விலகல் 27 பிக்சல். அதே ஆள் அரை மீட்டரில் நின்றால் விலகல் இருமடங்காகும். 3 மீட்டரில் நின்றால் 9 பிக்சலாகக் குறையும். 8K கேமரா வாங்கினால் இது குறையாது. கோண விலகல் அப்படியே இருக்கும், பிக்சல் எண்ணிக்கைதான் கூடும். இன்றைய மென்பொருள்கள் பொருளின் தூரத்திற்கேற்பத் தையலை வளைத்து விலகலை மறைக்கின்றன. பெரும்பாலும் நன்றாகவே செய்கின்றன. ஆனால் கம்பி வேலி, சன்னல் கிராதி, அடர்ந்த இலைகள் போன்று ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் அவற்றின் கணிப்பு தடுமாறுகிறது.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. தையல் பட்டையில் 2 மீட்டருக்குள் எந்தப் பொருளும் ஆளும் இருக்கவேண்டாம். லென்ஸின் முகத்திற்கு நேராக 60 சென்டிமீட்டரில் இருந்தாலும் பரவாயில்லை.

தாழ்வாரத்திற்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். பலரும் இயல்பாகவே ஒரு லென்ஸைத் தாழ்வாரத்தின் நீளவாட்டில் நோக்கி வைக்கிறார்கள். அப்போது தையல் இருபுறச் சுவர்களின் மீதும் விழுகிறது. கைப்பிடிச் சுவர் உடைந்ததுபோல் தெரியும். கேமராவைக் கடந்து நடக்கும் ஒவ்வொரு குழந்தையும் மிக நெருக்கத்தில் இருக்கும் நொடியில் தையலைத் தாண்டுவதால், தோளோ புத்தகப்பையோ ஒரு கணம் காணாமல் போய்த் திரும்பும். கேமராவை 90 பாகை திருப்பி, ஒரு லென்ஸ் முற்றத்தையும் மற்றது வகுப்பறைக் கதவுகளையும் பார்க்குமாறு வைத்தால், தையல் தாழ்வாரத்தின் நீளவாட்டில், தொலைவில் போய் விழும். நடந்து வரும் குழந்தை தொலைவில் இருக்கும்போது தையல் பட்டையில்தான் இருக்கும். அங்கே விலகல் மிகக் குறைவு. கேமராவின் நடுக்கோட்டிலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி நடக்கச் சொன்னால், ஏறக்குறைய 4 மீட்டர் தூரத்திலேயே அந்தக் குழந்தை பட்டையிலிருந்து 10 பாகை விலகி ஒற்றை லென்ஸின் பார்வைக்குள் வந்துவிடும். நெருங்கும்போது தைக்க எதுவுமில்லை. கைப்பிடிச் சுவரும் லென்ஸுக்கு நேரே இருப்பதால் 60 சென்டிமீட்டர் நெருக்கம் தையலைத் தொடாது. குழந்தைகள் நடக்கும் பாதையைச் சாக்பீஸால் தரையில் மெல்லியதாகக் குறித்துவிடுவது நல்லது.

வகுப்பறையில் ஒரு லென்ஸ் கரும்பலகையையும் மற்றது மாணவர்களையும் பார்க்கட்டும்; தையல் சன்னல் பக்கமும் எதிர்ச்சுவர்ப் பக்கமும் விழும். அந்த இரு பக்கங்களிலும் கேமராவுக்கு நேரே உள்ள பெஞ்சுகளை 2 மீட்டருக்கு அப்பால் நகர்த்தவேண்டும். ஆசிரியர் முன் லென்ஸுக்கு நேரே ஒன்றரை மீட்டரில் நின்று பேசலாம். பலகையின் அகலத்திற்குள் நடக்கலாம். ஆனால் பேசிக்கொண்டே கேமராவின் பக்கவாட்டில் வந்து மாணவர்களிடம் போகக் கூடாது.

பலகையிலுள்ள எழுத்து படிக்கும்படி தெரியவேண்டும் என்றால், தூரத்தைக் கணக்கிட்டே கேமராவை வைக்கவேண்டும். 8 சென்டிமீட்டர் உயர எழுத்து 2.5 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 29 பிக்சல் உயரம் பெறும். 4 மீட்டருக்குத் தள்ளினால் 18 பிக்சல்தான் மிஞ்சும். ரோமன் எழுத்தில் எழுதிய சொல்லை 18 பிக்சலில் ஊகித்தாவது படித்துவிடலாம். தமிழில் புள்ளி முதலில் மறைகிறது. பிறகு ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இணையதளத்தில் ஏற்றும்போது நடக்கும் சுருக்கம் இன்னும் கொஞ்சத்தைத் தின்னும். ஆகவே பலகையிலிருந்து 2.5 மீட்டருக்குள் கேமராவை வைத்து, வழக்கத்தைவிடப் பெரிதாக, பலகையின் நடுவில் இரண்டே வரி எழுதச் சொல்லுங்கள்.

ஒளியும் தையலைக் காட்டிக்கொடுக்கும். இரு லென்ஸ்களுக்கும் ஒளியளவையும் நிறச் சமநிலையையும் கையால் பூட்டிவிட வேண்டும். தானியங்கியாக விட்டால் ஒரு பாதி பளிச்சென்றும் மறுபாதி மங்கியும் மாறி மாறித் துடிக்கும். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால் வகுப்பறைக் குழல்விளக்குகளின் கீழ் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் கீற்றுகள் ஓடா. வெயிலில் கவனிக்கவேண்டியது சூரியன் தையல்மீது விழாமல் இருப்பது. விழுந்தால் இரண்டு லென்ஸிலும் வெவ்வேறு வடிவில் ஒளிச்சிதறல் தோன்றி, ஒட்டும் இடத்தில் ஒரு வெளிறிய கோடு நிற்கும். சூரியன் ஒரே லென்ஸின் பார்வைக்குள் இருக்கும்படி கேமராவைத் திருப்புங்கள். மொரிசியஸ் தென் அட்சம் 20 பாகையில் இருப்பதால் ஆண்டின் பெரும்பகுதியில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. ஜூன் கடைசியில் ஏறக்குறைய 46 பாகை உயரத்தில் இருக்கும். நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி பிற்பகுதி வரை நண்பகலில் அது உச்சிக்கு வந்துவிடும். உச்சி என்பது தையல் சந்திக்கும் இடமே. அந்த மாதங்களில் எந்தப் பக்கம் திருப்பினாலும் தப்ப வழியில்லை என்பதால், முற்றத்தையும் திடலையும் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

தையல் சரியா என்பதைக் கேமராவின் சிறு திரையில் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. ஒவ்வொரு நிலையிலும் பத்து நொடி சோதனைப் படம் எடுத்து, மடிக்கணினியில் ஏற்றி, தையல் விழும் திசையை மட்டும் தட்டையான படமாகப் பிரித்துப் பாருங்கள். தைத்து முடித்த கோப்பில் முன் லென்ஸின் திசை நடுவில் இருந்தால், தையல் அதிலிருந்து வலமும் இடமும் 90 பாகையில் இருக்கும். FFmpeg என்ற கட்டளைவரிக் கருவி இருந்தால் இந்தக் கட்டளை வலப்பக்கத் தையலைத் தனியே எடுத்துத் தரும். `yaw=-90` என்று மாற்றினால் இடப்பக்கம் வரும்.

```
ffmpeg -i nilai3.mp4 -vf "v360=e:flat:yaw=90:h_fov=90:v_fov=59:w=1280:h=720" -t 10 thaiyal3.mp4
```

அதில் நான்கு அறிகுறிகளைத் தேடவேண்டும்: நேர்க்கோடு ஓரிடத்தில் படிபோல் விலகுவது, ஒரே பொருள் இரட்டையாக மங்கித் தெரிவது, நகரும் உறுப்பு ஒன்று கணநேரம் மறைவது, இரு பாதிகளின் நிறம் வேறுபடுவது. முதல் மூன்றும் தெரிந்தால் கேமராவைத் திருப்பவோ பொருளை நகர்த்தவோ வேண்டும். நான்காவது, ஒளிப்பூட்டு விடுபட்டதையோ லென்ஸில் கறை இருப்பதையோ காட்டுகிறது. குயூர்பிப்பின் சிறு தூறல் லென்ஸில் விட்டுச்செல்லும் ஒரு துளியும் இப்படித் தெரியும். மென்துணியைப் பையில் அல்ல, சட்டைப்பையில் வைத்திருங்கள்.

கேமராவின் காலடியும் ஆள் மறைவும்

கால்கள் அகன்ற ட்ரைபாட் கீழே குனிந்து பார்ப்பவருக்குக் கரிய நட்சத்திரமாகத் தெரியும். அடிப்பகுதி குறுகிய, மெல்லிய தண்டு கொண்ட தாங்கியே சிறந்தது. ஆனால் தென்கிழக்கு வணிகக்காற்று வீசும் திடலில் அது எளிதில் சாய்ந்துவிடும். மணல்பையைத் தாங்கியின் அடியிலேயே, கால்களுக்குள் அடங்குமாறு வையுங்கள். 1.3 மீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும்போது 30 சென்டிமீட்டர் ஆரமுள்ள அடிப்பகுதி ஏறக்குறைய 26 பாகை அகல வட்டமாகத் தெரிகிறது. அதைப் பள்ளியின் இலச்சினை பொறித்த ஒரு வட்டத்தால் தொகுப்பின்போது மூடிவிடலாம். தையல் சந்திக்கும் கீழ்ப்புள்ளியில் வளைந்துபோகும் தரை ஓடுகளும் அதோடு மறையும்.

படம் எடுப்பவர் மறைந்துகொள்ளும் இடத்தையும் ஒவ்வொரு நிலைக்கும் முன்பே தேர்ந்து வைக்கவேண்டும். கருங்கல் சுவருக்குப் பின்னால் போனால் கைப்பேசிக்கும் கேமராவுக்கும் இடையிலான வைஃபை அறுந்துபோகலாம். அங்கே பதிவைத் தொடங்கிவிட்டு நடந்து மறைந்து, ஒரு நிமிடம் பொறுத்துப் பிறகு நிகழ்ச்சியைத் தொடங்குவதே பாதுகாப்பானது.

பார்ப்பவரின் வசதி

ஹெட்செட்டில் தலைசுற்றல் வருவதற்குக் காரணம், கண் நகர்வைக் காண்கிறது, உட்காதின் சமநிலை உறுப்போ நகர்வை உணரவில்லை என்ற முரண்பாடு. கேமரா நகராவிட்டால் இந்த முரண்பாடு எழுவதில்லை. எனவே ஐந்து நிலைகளிலும் கேமரா அசையாமல் நிற்கட்டும், குழந்தைகள் நகரட்டும். நடந்துகொண்டே எடுத்தால் வளாகம் முழுவதும் வந்துவிடும் என்று நிர்வாகத்தினர் கேட்கக்கூடும். கைப்பேசியில் விரலால் திருப்பிப் பார்ப்பவருக்கு அது தொல்லை தராது. ஹெட்செட்டில் பார்க்கும் சிலர் முதல் வளைவிலேயே கண்ணை மூடிவிடுவார்கள், குறிப்பாகக் கேமரா இடமோ வலமோ திரும்பும்போது. தவிர்க்கவே முடியாவிட்டால் ஒரே ஒரு நகரும் காட்சியை, நேர்க்கோட்டில், மெதுவான நடையைத் தாண்டாத சீரான வேகத்தில், திருப்பமே இன்றி, நொடிக்கு 60 படங்கள் வீதம் எடுங்கள். பத்துப் பன்னிரண்டு நொடிக்குமேல் நீட்டவேண்டாம்.

அசையாக் காட்சியிலும் தொடுவானம் சாய்ந்தால் உடல் அதை உணர்ந்துவிடும். திடல் சரிவாக இருந்தால் தாங்கி சாய்ந்திருப்பது எடுக்கும்போது தெரியாது. கட்டடத்தின் மூலை செங்குத்தாக நிற்கிறதா என்று தொகுப்பில் சரிபார்த்து, மென்பொருளின் மட்டச் சீராக்கத்தை இயக்குங்கள்.

ஒவ்வொரு காட்சியும் எவ்வளவு நேரம் நீடிக்கவேண்டும்? புதிய இடத்துக்கு வந்தவர் முதலில் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறார். அதற்குள் யாராவது பேசத் தொடங்கினால் அது காதில் ஏறாது. ஆகையால் முதல் ஐந்தாறு நொடி எதுவும் நிகழாமல் விட்டு, பிறகு பேச்சைத் தொடங்கி, மொத்தமாக முப்பது முதல் ஐம்பது நொடிக்குள் முடித்தால் போதும்.

வெட்டுகளை இணைப்பதுதான் பலர் கவனிக்கத் தவறும் இடம். தட்டைப் படத்தில் அடுத்த காட்சி எப்போதும் கண்முன்னே வரும். இங்கே பார்ப்பவரின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கத்திலேயே அடுத்த காட்சி அவருக்குத் தொடங்குகிறது. முற்றத்துக் காட்சியின் முடிவில் ஒரு சிறுமி வலப்பக்கம் 60 பாகையிலுள்ள மாடிப்படியை நோக்கிப் போகிறாள் என்று கொள்வோம். பார்ப்பவரின் தலையும் அங்கேதான் இருக்கும். தாழ்வாரக் காட்சியின் முக்கியப் பொருள் நேர்முன்னே இருந்தால், வெட்டு விழுந்ததும் அவர் வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனவே தொகுப்பில் தாழ்வாரக் காட்சியைச் சுழற்றி, அதே சிறுமி படியேறி வந்து நிற்கும் இடம் வலப்பக்கம் 60 பாகையில் வருமாறு வைக்கவேண்டும். இந்தச் சுழற்சி தைத்து முடித்த படத்தின்மீது நடப்பதால் தையல் விழும் இடம் கெடுவதில்லை. சோதனைக் கட்டளையின் கோணம் மட்டும் அதற்கேற்ப மாறும்.

இதைத் தொகுப்பு மேசைக்கு விட்டுவிடாமல் தாளிலேயே திட்டமிட்டுவிடலாம். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வட்டம் வரைந்து, லென்ஸ்கள் பார்க்கும் திசையை ஒரு நேர்க்கோடாகவும் தையலை அதற்குக் குறுக்கே புள்ளிக்கோடாகவும் போடுங்கள். காட்சி தொடங்கும்போது முக்கியப் பொருள் எங்கே, முடியும்போது எங்கே என்று இரண்டு புள்ளிகள், சூரியன், ஒளிந்துகொள்ளும் இடம் ஆகியவற்றையும் அதிலேயே குறியுங்கள். ஒரு வட்டத்தின் முடிவுப்புள்ளி அடுத்த வட்டத்தின் தொடக்கப்புள்ளிக்கு நேராக வருகிறதா என்று பார்த்தால், எவ்வளவு சுழற்றவேண்டும் என்பது தாளிலேயே தெரிந்துவிடும். இரு புள்ளிகளும் கழுத்தை அதிகம் திருப்பாமல், நேர்முன்னிலிருந்து இருபுறமும் 60 பாகைக்குள் இருப்பது நல்லது. முக்கியமான செய்தி எதுவும் முதுகுப்பக்கம் வரவே வேண்டாம். எல்லோரிடமும் சுழல்நாற்காலி இருப்பதில்லை. அறையின் பெயர்ப்பலகை போன்ற எழுத்துகளைச் சேர்ப்பதானால், நேர்முன்னிலிருந்து 30 பாகைக்குள், கண்மட்டத்திற்குச் சற்றுக் கீழே வையுங்கள்.

வெளியிடுவதற்கு முன்

சாதாரணத் தொகுப்பு மென்பொருள் வழியாக வெளியேறும் கோப்பு, தான் முழுச்சுற்றுப் படம் என்ற குறிப்பை இழந்துவிடுவதுண்டு. யூடியூபில் ஏற்றியதும் படம் திருப்ப முடியாத, மேலும் கீழும் இழுபட்ட நீள்சதுரமாகத் தெரிந்தால் அதுவே காரணம். கூகுளின் `Spatial Media Metadata Injector` என்ற சிறு கருவியால் அந்தக் குறிப்பைச் சேர்த்து மீண்டும் ஏற்றவேண்டும். ஏற்றிய உடனே தரம் மங்கலாகத் தெரிவது வழக்கம். உயர்தரப் பதிப்பு தயாராகச் சில மணிநேரம் ஆகலாம் என்பதால், பலகை எழுத்து தெரிகிறதா என்று அதற்குப் பிறகே பாருங்கள்.

முதலில் பட்டியலிடாத இணைப்பாக வைத்து, வளாகத்தை அறியாத இரண்டு மூன்று பெரியவர்களை ஹெட்செட்டில் உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளிடம் கொடுப்பதானால், ஹெட்செட்டைத் தயாரித்தவர் குறிப்பிடும் வயது வரம்பைப் பார்த்தபின் கொடுங்கள். கிரேடு 1 குழந்தைகளுக்குக் கைப்பேசித் திரையே போதும். பார்ப்பவர்களிடம் கேள்வி கேட்பதைவிட அவர்களின் தலையைக் கவனிப்பது பயன் தரும். வெட்டு விழுந்ததும் தலை தேடி அலைந்தால் அந்தச் சுழற்சி தவறு. கொட்டாவி, நெற்றி வியர்வை, அடிக்கடி கண்ணை மூடுதல், ஹெட்செட்டைக் கையால் தூக்கிப் பிடித்தல் ஆகியவை தலைசுற்றலின் முன்னறிகுறிகள்; அவை எந்தக் காட்சியில் தொடங்கின என்று நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்தக் காட்சியின் மட்டத்தையும் உயரத்தையும் முதலில் சோதியுங்கள். மட்டத்தைத் தொகுப்பில் திருத்திவிடலாம். உயரம் தவறியிருந்தால், தண்டில் ஒட்டிய டேப் குறியைச் சரிபார்த்து, அந்த ஒரு நிலையை மட்டும் அதே காலை ஒளியில் மறுபடியும் எடுக்கவேண்டும்.